ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை: வார மணிக்கணக்கு எந்த ஏற்பாட்டில் சரியாக வரும்?

"இனிமேல் ஆல்டர்நேட் சனிக்கிழமை லீவு" என்று சர்க்குலர் வந்ததும் அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மூன்று மாதம் கழித்துத்தான் சலசலப்பு தொடங்கும். "போன சனிக்கிழமையும் வந்தேன், இந்தச் சனிக்கிழமையும் வரச் சொல்கிறார்கள்" என்பார் ஒருவர். "வாரம் 44 மணி நேரம் என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டில் 48 காட்டுகிறதே" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். நிர்வாகம் எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தது, சராசரியை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எடுத்தது என்ற இரண்டும் தெளிவாகாதவரை இந்த வாக்குவாதம் முடியாது.

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை அலுவலகம், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஆக வேலை நேரம் 8 மணி. இதுவரை சனிக்கிழமை எல்லாம் முழு நாள் வேலை. வாரம் 48 மணி. இப்போது பாதிச் சனிக்கிழமைகளை விடுமுறையாக்கி, வாரச் சராசரியை 44-க்குக் கொண்டுவர முடிவு செய்கிறார்கள்.

முதலில் ஒரு கேள்வி எழும். 44 மணிதான் இலக்கு என்றால் ஐந்து நாளிலேயே அதை முடித்துவிட்டு, சனிக்கிழமையை மொத்தமாக விட்டுவிடலாமே? 44-ஐ ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 8 மணி 48 நிமிடம். இங்கேதான் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 குறுக்கே வருகிறது. அதன் 14-ஆம் பிரிவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று இரண்டு வரம்புகளைத் தனித்தனியாக வைக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம். சம்பளம் இரண்டு மடங்கு. அந்த ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, மற்றவர்களுக்குப் பொருந்தும். ஆகவே ஐந்து நாள் வாரத்தில் ஓவர்டைம் இல்லாமல் கிடைக்கக்கூடியது 40 மணிதான். அதற்கு மேல் நான்கு மணி வேண்டுமென்றால் அதைச் சனிக்கிழமையில்தான் வைத்தாக வேண்டும்.

எல்லாச் சனிக்கிழமையும் அரை நாள் என்று வைத்தாலும் 40-உடன் 4 சேர்ந்து அதே 44 வரும். கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. சொல்லப்போனால் 9.30 முதல் 1.30 வரை என்றால் நான்கு மணியோடு முடிந்துவிடுவதால், ஒரு மணி நேர இடைவேளை விடும் கட்டாயமும் வராது. ஆனால் நான்கு மணி நேர வேலைக்காக ஊழியர் பல்லடத்திலிருந்தோ அவிநாசியிலிருந்தோ 52 வாரமும் பஸ் ஏறி வர வேண்டும். முழுச் சனிக்கிழமையாக ஒன்று விட்டு ஒன்று வைத்தால் அதில் பாதி மிச்சம். அதனால் அரை நாள் ஏற்பாட்டை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். உண்மையான போட்டி மற்ற மூன்றுக்கும் இடையில்தான்.

வங்கி வழி

2015 செப்டம்பர் 1 முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். பல தனியார் அலுவலகங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. பையிங் ஆபீஸ் மாதிரி ஏற்றுமதி ஆவணங்களோடு வங்கிக்கு நடக்கிற இடத்தில் இதற்கு அர்த்தமும் உண்டு. வங்கி மூடியிருக்கும் நாளில் டாக்குமென்டேஷன் ஆட்கள் வந்து பாதி வேலையைத்தான் பார்க்க முடியும். நாளும் யாருக்கும் மறக்காது. வீட்டில் கேட்டாலும் "ரெண்டாம் சனி லீவு" என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் ஐந்தாம் சனிக்கிழமையில் இருக்கிறது. 2026-ஐப் பாருங்கள். ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வருகிறது. இரண்டும் நான்கும் மட்டுமே விடுமுறை என்றால் விடுமுறை 24, வேலை 28. ஆகஸ்ட் 29 வேலை, அடுத்த வாரமே செப்டம்பர் 5 முதல் சனிக்கிழமை, அதுவும் வேலை. "தொடர்ந்து இரண்டு வாரம் வரச் சொல்கிறார்கள்" என்ற புகார் இங்கிருந்துதான் கிளம்புகிறது. வருடச் சராசரி 28 × 8 ÷ 52, அதாவது வாரத்துக்குக் கூடுதலாக 4.31 மணி, மொத்தம் 44.31. பார்க்கச் சின்ன எண்தான். வருடத்துக்கு அது 16 மணி, சொன்னதைவிட இரண்டு முழு நாள் அதிகம்.

இதையே திருப்பிப் போட்டு "முதல், மூன்றாம் சனிக்கிழமை வேலை" என்று எழுதும் அலுவலகங்களும் உண்டு. கேட்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இதில் ஐந்தாம் சனிக்கிழமை விடுமுறைப் பக்கம் போய்விடும். வேலை 24, சராசரி 43.69. இரண்டு ஏற்பாட்டுக்கும் இடையில் வருடத்துக்கு நான்கு முழு நாள் வித்தியாசம், ஓர் ஊழியருக்கு 32 மணி நேரம். முழுச் சண்டையும் அந்த நான்கு ஐந்தாம் சனிக்கிழமைகளைப் பற்றியதுதான். சர்க்குலரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் ஒவ்வொரு பிரிவும் தனக்குச் சாதகமாகப் படித்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய ஓர் எளிய வழி இருக்கிறது: ஐந்தாம் சனிக்கிழமையை அரை நாளாக்குவது. 24 முழுச் சனிக்கிழமைக்கு 192 மணி, நான்கு அரைச் சனிக்கிழமைக்கு 16 மணி, மொத்தம் 208. அதை 52-ஆல் வகுத்தால் துல்லியமாக 4. வாரச் சராசரி 44 என்று அப்படியே உட்காருகிறது. 2028 போல 53 சனிக்கிழமை வருகிற ஆண்டிலும் இது தப்பாது. அப்போது ஐந்தாம் சனிக்கிழமை ஐந்து வரும். 192-உடன் 20 சேர்ந்து 212, அதை 53-ஆல் வகுத்தாலும் 4.

கண்டிப்பாக ஒன்று விட்டு ஒன்று

மாதத்தை மறந்துவிட்டு, ஒரு வாரம் வேலை, மறு வாரம் விடுமுறை என்று வருடம் முழுக்க ஓட்டுவது இன்னொரு வழி. கணக்குப் பார்க்க இதுதான் மிகச் சுத்தமானது. 52 வாரத்தில் 26 சனிக்கிழமை. எந்த நான்கு வாரத்தை எடுத்தாலும் சராசரி 44. வேறு எண் வந்தால் யாரோ எங்கோ தவறு செய்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். இதன் குறை, அடுத்த சனிக்கிழமை வேலையா லீவா என்பதைக் காலண்டரைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வங்கி விடுமுறையோடும் ஒத்துப்போகாது; ஐந்தாம் சனிக்கிழமை வந்ததும் முறை மாறிவிடும். வருடத் தொடக்கத்திலேயே தேதிப் பட்டியலை அச்சடித்து ஒட்டுகிற ஒழுக்கம் உள்ள அலுவலகத்துக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

இந்தப் பட்டியலை எக்செல்லில் தயாரிக்கும்போது ஒரு குழி இருக்கிறது. வார எண்ணை எடுத்து, ஒற்றைப்படை என்றால் வேலை, இரட்டைப்படை என்றால் விடுமுறை என்று சிலர் ஃபார்முலா போடுகிறார்கள். `ISOWEEKNUM` கணக்கில் 2026-க்கு 53 வாரம். 2027 ஜனவரி 2 சனிக்கிழமை 53-ஆம் வாரத்தில் விழும். ஜனவரி 9 முதல் வாரத்தில். இரண்டுமே ஒற்றைப்படை. புத்தாண்டு பிறந்ததுமே அடுத்தடுத்து இரண்டு வேலைச் சனிக்கிழமை வந்து நிற்கும். வார எண்ணை விட்டுவிட்டு, ஒரு தேதியை நங்கூரமாக வைத்து அதிலிருந்து எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. 2026 ஜனவரி 3 வேலைச் சனிக்கிழமை என்றால்:

```
=MOD(INT((A2-DATE(2026,1,3))/7),2)
```

A2-இல் சனிக்கிழமைத் தேதி இருக்க வேண்டும். விடை 0 என்றால் வேலை, 1 என்றால் விடுமுறை. எத்தனை வருடம் ஓடினாலும் முறை தவறாது.

இரண்டு அணி

மூன்றாவது வழி, அலுவலகத்தை இரண்டாகப் பிரித்து, ஓர் அணி வரும் சனிக்கிழமை மற்ற அணிக்கு விடுமுறை என்று வைப்பது. எல்லாச் சனிக்கிழமையும் அலுவலகம் திறந்திருக்கும். ஃபேக்டரிகள் சனிக்கிழமை ஓடும் திருப்பூரில், இன்ஸ்பெக்ஷனுக்கும் ஷிப்மென்டுக்கும் யாராவது போனை எடுக்க வேண்டும் என்பதால் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இதைத்தான் விரும்புவார்கள். மணிக்கணக்கு கண்டிப்பான முறைக்கு உள்ளதுதான், ஒவ்வோர் அணிக்கும் 26.

ஆனால் பண்டிகை விடுமுறையைச் சேர்த்துப் பார்த்தால் படம் மாறும். 2026-இல் அரசு விடுமுறைப் பட்டியலில் மூன்று நாள் சனிக்கிழமையில் விழுகிறது: ஜனவரி 17 உழவர் திருநாள், மார்ச் 21 ரம்ஜான், ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். ஜனவரி 3-இல் வேலையைத் தொடங்கும் அணிக்கு ஜனவரி 17-உம் ஆகஸ்ட் 15-உம் வேலைச் சனிக்கிழமை. இரண்டு நாள் மிச்சம், வர வேண்டியது 24. ஜனவரி 10-இல் தொடங்கும் அணிக்கு மார்ச் 21 மட்டும்தான் மிச்சம், வர வேண்டியது 25. மற்ற இரண்டு பண்டிகையும் எப்படியும் வராத நாளில் கரைந்துவிடும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு அணியும் ஒரே சம்பளம் வாங்குகின்றன. வருடக் கடைசியில் குறைவாக லாபமடைந்த அணிக்கு ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுத்துச் சமன் செய்வது நிர்வாகத்தின் கடமை என்றே நினைக்கிறேன்.

வங்கி வழியில் இது எப்படி அமைகிறது தெரியுமா? அந்த மூன்று தேதியும் மூன்றாம் சனிக்கிழமை. மூன்றுமே வேலை நாளில் விழுவதால், 28 என்று பயமுறுத்திய ஏற்பாட்டில் 2026-இல் உண்மையில் வர வேண்டியது 25 சனிக்கிழமைதான். முதல், மூன்றாம் சனி வேலை என்றவர்களுக்கு வெறும் 21. வேறொரு வருடத்தில் பண்டிகைகள் வேறு சனிக்கிழமையில் விழும்போது இந்தச் சாதகம் இருக்காது. அதனால் ஏற்பாடுகளை ஒப்பிடும்போது பண்டிகையை ஒதுக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு அந்தந்த வருடத்துக்குப் பண்டிகையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சராசரியைச் சரிபார்ப்பது

தவறு பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் நடக்கிறது. 2026 ஆகஸ்டையே எடுத்துக்கொள்வோம், வங்கி வழியில், ஐந்தாம் சனியும் முழு நாள் என்று வைத்து. மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை 21 நாள், 168 மணி. சனிக்கிழமை 1, 15, 29 மூன்றும் வேலைப் பட்டியலில், 24 மணி. மொத்தம் 192. மாதத்துக்கு நான்கு வாரம் என்று நான்கால் வகுத்தால் 48 வருகிறது, ஊழியர் கொதிக்கிறார். கணக்குப் பிரிவில் 31 நாளை ஏழால் வகுத்து 4.43 வாரம் என்று வைத்தால் 43.35 வருகிறது, "குறைவாகத்தானே வாங்குகிறோம்" என்கிறது நிர்வாகம். ஒரே மாதம், ஒரே ஆள், இரண்டு விடை, இரண்டும் தவறு. மாதம் என்பது முழு வாரங்களால் ஆனது அல்ல. இந்த மாதத்தில் சனிக்கிழமை ஐந்து, ஆனால் செவ்வாயும் புதனும் நான்குதான்.

முழு வாரங்களை மட்டும் எடுங்கள். ஞாயிறு ஆகஸ்ட் 2 முதல் சனி ஆகஸ்ட் 29 வரை, சரியாக நான்கு வாரம். வார நாள் 20, அதாவது 160 மணி. சனிக்கிழமை 8 விடுமுறை, 15 வேலைப் பட்டியல், 22 விடுமுறை, 29 வேலை, 16 மணி. மொத்தம் 176, நான்கால் வகுத்தால் 44.

இங்கே ஆகஸ்ட் 15-க்கு 8 மணி சேர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விடுமுறையையும் சம்பளத்தோடு எடுத்த லீவையும் வேலை செய்ததாகவே வரவு வைக்க வேண்டும். மணியைக் கழித்துவிட்டு வாரத்தை மட்டும் நான்கு என்றே வகுத்தால் சராசரி 42-க்கு இறங்கி, ஊழியர் 8 மணி கடன்பட்டவர் போலத் தெரிவார். பயோமெட்ரிக் மென்பொருள் சிலவற்றில் இந்தத் தவறு இயல்பாகவே நடக்கும். அதே மென்பொருள் சாப்பாட்டு இடைவேளையைக் கழிக்காமல் 9.30 முதல் 6.30 வரை 9 மணி என்று எடுத்தால் சராசரி 49.5 என்று காட்டும். அந்த எண்ணைக் கண்டால் இடைவேளை கழியவில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

எந்த அலுவலகத்துக்கும் ஒத்துவரும் சூத்திரம் இதுதான்: வார நாள் மணி × 5, அதனுடன் சனிக்கிழமை மணியில் பாதி. சனிக்கிழமை மட்டும் குறைவான நேரம் என்றாலும் இது பொருந்தும். நாளுக்கு 8 மணி, வேலைச் சனிக்கிழமை 6 மணி என்றால் 40 + 3, ஆக 43. "ஐந்தரை நாள்" என்று சொல்லி 5.5-ஆல் பெருக்குவது, சனிக்கிழமையும் மற்ற நாள் அளவே இருந்தால் மட்டும்தான் சரி.

சராசரி சரி, ஆனாலும் தவறு

சில முதலாளிகள் சனிக்கிழமையை விட்டாலும் 48 மணியை விட மனம் வராமல், இரண்டு வாரத்துக்கான 96 மணியை 11 நாளில் பங்கிடுகிறார்கள். நாளுக்கு ஏறத்தாழ 8 மணி 44 நிமிடம். குறுகிய வாரம் 43 மணி 38 நிமிடம், நீண்ட வாரம் 52 மணி 22 நிமிடம், சராசரி 48. தாளில் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டம் சராசரியைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் 8-ஐத் தாண்டுகிறது, நீண்ட வாரம் 48-ஐயும் தாண்டுகிறது. ஓவர்டைம் கொடுக்காவிட்டால் மீறல்தான். ஐரோப்பாவில் 48 மணி என்பதை நான்கு மாதம்வரை சராசரியாகப் பார்க்க இடம் உண்டு. ஐரோப்பிய பையர்களோடு பழகியவர்கள் அதே நினைப்பில் இங்கும் பேசுவதைக் கேட்கலாம். இங்கே வாரம் வாரமாகத்தான் கணக்கு.

நம் 44 மணி ஏற்பாட்டிலும் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது. நீண்ட வாரம் சரியாக 48-இல் நிற்கிறது. ஒரு நிமிடம்கூட இடைவெளி இல்லை. அந்த வாரத்தில் வியாழக்கிழமை ஷிப்மென்ட் அவசரம் என்று ஒரு மெர்ச்சண்டைசர் 8.30 வரை இருந்தால் அன்று 10 மணி வேலை, அந்த வாரம் 50. அடுத்த வாரம் 40. இரண்டு வாரச் சராசரி 45 என்று ரிப்போர்ட் அமைதியாகக் காட்டும். ஆனாலும் அந்த இரண்டு மணிக்கு இரட்டைச் சம்பளம் பாக்கி. "அடுத்த வாரம் சனிக்கிழமை லீவுதானே" என்று ஈடுகட்ட முடியாது. அந்த விடுமுறை ஏற்பாட்டிலேயே இருப்பது, தனியாகக் கொடுத்தது அல்ல. குறுகிய வாரத்தில் தங்கினாலும் நாள் வரம்பு 8 என்பதால் ஓவர்டைம்தான். ஆகவே தாளில் மூன்று பத்தி வேண்டும்: நாளின் மணி, ஞாயிறு முதல் சனி வரை கூட்டிய வார மணி, நான்கு வாரச் சராசரி. முதலிரண்டும் சட்டத்துக்கு. மூன்றாவது, வாக்குக் கொடுத்த 44-க்கு.

திருப்பூர் அலுவலகத்துக்கு என் தேர்வு வங்கி வழிதான், ஐந்தாம் சனி அரை நாளோடு. வங்கிக்கும் ஒத்துப்போகும், நாளும் நினைவில் நிற்கும், வருடக் கணக்கும் 44-இல் உட்காரும். நான்கு வாரச் சராசரி மட்டும் ஐந்தாம் சனி வரும்போது 43-க்கும் 45-க்கும் இடையில் ஆடும். அது தவறு அல்ல என்பதைச் சர்க்குலரிலேயே எழுதிவிட வேண்டும். எல்லாச் சனிக்கிழமையும் அலுவலகம் திறந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் இரண்டு அணி. தேதிகளை A பத்தியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி இறக்கிவிட்டு B2-இல் இதைப் போட்டு இழுத்தால், என் தேர்வுக்கான ஒவ்வொரு நாள் மணியும் வந்துவிடும்:

```
=IF(WEEKDAY(A2)=1,0,IF(WEEKDAY(A2)<7,8,
 CHOOSE(INT((DAY(A2)-1)/7)+1,8,0,8,0,4)))
```

`=SUM(B2:B29)/4` என்பது முதல் நான்கு வாரச் சராசரி. அடுத்ததற்கு ஏழு வரிசை கீழே நகர்த்தி B9:B36 என்று எடுங்கள். எங்காவது 43-க்குக் கீழோ 45-க்கு மேலோ வந்தால், தேதிப் பத்தியில் ஒரு நாள் விடுபட்டிருக்கிறதா, முதல் வரிசை உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமையா என்று பாருங்கள். பட்டியல் தயாரானதும், ஐந்தாம் சனிக்கிழமைத் தேதிகளைத் தனி வரியாகச் சர்க்குலரில் எழுதி, டிசம்பரிலேயே ஒட்டிவிடுங்கள். 2027-க்கு அவை ஜனவரி 30, மே 29, ஜூலை 31, அக்டோபர் 30.